சேமிப்புக் கணக்கை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றக் கடிதம் – திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், உதவுங்கள்

பொருநைக்கரை: வணக்கம். வேலை மாறித் திருநெல்வேலியிலிருந்து கோவைக்கு வந்திருக்கிறேன். சேமிப்புக் கணக்கை இங்குள்ள கிளைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். கவுண்டரில் படித்துவிட்டு, இப்படிக் கொடுத்தால் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். எப்படி எழுத வேண்டும்? அவசரம்.

சிறுவாணி: என்ன காரணம் சொன்னார்கள்? கணக்கு உங்கள் பெயரில் மட்டுமா, கூட்டுக் கணக்கா? கேஒய்சி நடப்பில் இருக்கிறதா?

காசுக்கடை: எதற்கு இந்த அலைச்சல்? பழையதை மூடிவிட்டு இங்கே புதிதாகத் தொடங்குங்கள். சேலத்துக்கு வந்தபோது நான் அதைத்தான் செய்தேன்.

மூத்தவன்: பழைய இழைகளைத் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே இங்கு யாருக்கும் இல்லை. கோர் பேங்கிங் வந்த பிறகு எந்தக் கிளையிலும் பணம் போடலாம், எடுக்கலாம். கிளை மாற்றமே தேவையில்லை.

சிறுவாணி: பணம் எடுக்கத் தேவையில்லைதான். ஆனால் சில வேலைகளுக்குக் கணக்கு இருக்கும் கிளைக்கே போகச் சொல்வார்கள். மூடினால் கணக்கு எண் போய்விடும்; சம்பளம், பிஎஃப், கடன் தவணை எல்லாவற்றிலும் புது எண் கொடுக்க வேண்டும். கிளையை மாற்றினால் பொதுவாக எண் அப்படியே இருக்கும், ஐஎஃப்எஸ்சி மட்டும் மாறும்.

தறிநாடு: என் பிபிஎஃப் மட்டும் இன்னும் பழைய கிளையிலேயே கிடக்கிறது. கடிதத்தில் அதையும் எழுத வேண்டுமா?

சிறுவாணி: சேமிப்புக் கணக்கோடு பிபிஎஃப் தானாக வராது தறிநாடு, தனி விண்ணப்பம் கொடுங்கள்.

பொருநைக்கரை: அப்பாவும் நானும் சேர்ந்த கணக்கு. யாராவது ஒருவர் எடுக்கலாம் என்றுதான் இருக்கிறது, அதனால் நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

சிறுவாணி: அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அந்த வசதி பணம் எடுப்பதற்கு. கிளை மாற்றத்துக்கு இருவர் கையெழுத்தும் கேட்பது வழக்கம். அப்பா ஊரில்தானே இருக்கிறார்? இருவரும் கையெழுத்திட்டு, அவரையே பழைய கிளையில் கொடுக்கச் சொல்லுங்கள். இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் கிளையில் எங்கள் இருவர் பெயரில் உள்ள ......... எண் சேமிப்புக் கணக்கை, எங்களில் இரண்டாமவர் கோவைக்குக் குடிபெயர்ந்திருப்பதால், கோவை ......... கிளைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்கு எண், நாமினி, இயக்கும் முறை ஆகியவை இப்போதுள்ளபடியே தொடர வேண்டும். இரண்டாமவரின் புதிய முகவரி: ........."

புது கிளையின் குறியீட்டையும் எழுதுங்கள். கோவையில் ஒரே வங்கிக்குப் பல கிளைகள் உண்டு. அப்பாவின் பெயர் இரண்டாவதாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மூத்தவன்: கிளை மாறினால் இருவருக்கும் புதிதாக கேஒய்சி கேட்பார்கள். அப்பா கோவைக்கு வந்தே தீர வேண்டும்.

சிறுவாணி: இல்லை. முழு கேஒய்சி முடிந்து, புதுப்பிக்கும் கெடு வராமல் இருந்தால், அதே வங்கியின் அடுத்த கிளைக்கும் அதுவே செல்லும். ரிசர்வ் வங்கியின் விதி இது. முகவரி மாறியவர் மட்டும் அதைப் பதிவு செய்தால் போதும்.

மூத்தவன்: விதி வேறு, கவுண்டர் வேறு. என் அனுபவத்தில் கேட்டார்கள்.

காசுக்கடை: அதனால்தான் மூடச் சொன்னேன்.

பொருநைக்கரை: அப்பா பழைய கிளையில் கொடுத்தார். மாறிவிட்டது, எண் அதேதான். நன்றி.

சிறுவாணி: நல்லது. பிஎஃப் பதிவில் புது ஐஎஃப்எஸ்சியைக் கொடுத்துவிட்டீர்களா?