வெள்ளத்துக்குப் பிறகு தவணை விடுப்பு அறிவிப்பு: நாங்கள் ஒட்டியதும், ஒட்டியிருக்க வேண்டியதும்

பழைய கிளை மேலாளர்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. நான் அப்போது ஏரல் பக்கத்தில் ஒரு சிறிய நிதி நிறுவனத்தின் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் கடன் வாங்கியவர்களில் பாதிப்பேர் கடைத்தெரு வியாபாரிகள். சரக்கு, தராசு, ஃப்ரிட்ஜ் எல்லாம் சேற்றில் கிடந்தன.

தண்ணீர் வடிந்து சில நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சுவர் ஈரத்தில் பசை பிடிக்கவில்லை. சணல் கயிறு கட்டி ஷட்டரில் தொங்கவிட்டோம். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு மூன்று மாதத் தவணைச் சலுகை அளிக்கப்படுகிறது. தகுதியுள்ளவர்கள் உரிய ஆவணங்களுடன் 31.12.2023க்குள் கிளையை அணுகவும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

நல்ல எண்ணத்தில்தான் எழுதினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று வரியால் வந்த சிக்கலை அவிழ்க்க எனக்கு ஆறு மாதம் ஆனது. பெரிய சிக்கல் "சலுகை" என்ற சொல். ஜவுளிக்கடையில் சலுகை என்றால் விலை குறைவு. அப்படியானால் கடனில் சலுகை என்றால்? மூன்று தவணை கழிந்துவிட்டது என்றுதான் ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் தவணை கேட்டுப் போனபோது, "தள்ளுபடி பண்ணிட்டுத் திரும்ப வாங்க வர்றீங்களே" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அந்த அறிவிப்பைப் படித்தவருக்கு அப்படிக் கேட்க முழு உரிமை உண்டு.

வேறு இடங்களில் இப்படி அறிவிப்பு எழுதியவர்களும் வாங்கிப் படித்தவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். அடுத்த மழைக்குள் ஒரு நல்ல வாசகம் கையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மளிகைக்கடை அக்கா

தம்பி, நான் வேறொரு கம்பெனியில் கடன் வாங்கியிருந்தேன். எனக்கும் இதே கதைதான். அறிவிப்பைப் பார்த்து டிசம்பர் 29 அன்று கிளைக்குப் போனேன். "வி.ஏ.ஓ. சான்று கொண்டு வாங்க" என்றார்கள். வி.ஏ.ஓ. ஊர் ஊராக நிவாரணக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார், அவரைப் பிடிக்கவே முடியவில்லை. அறிவிப்பில் "உரிய ஆவணங்கள்" என்றுதானே இருந்தது? என்ன ஆவணம் என்று எழுதியிருந்தால் ஒரு நடை மிச்சம். என் கடன் புத்தகம், ஆதார், எல்லாம் கல்லாப்பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது. வெள்ளத்தில் போன காகிதத்தைக் காட்டித்தான் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றால் எப்படி?

கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனாலும் ஜனவரி 5 அன்று என் பேங்க் கணக்கில் தவணையை எடுக்க முயன்றார்கள். கணக்கில் பணம் இல்லை. கம்பெனி 590 ரூபாய் அபராதம் போட்டது, பேங்க்காரன் தனியாகப் பிடித்தான். 10ஆம் தேதி மறுபடியும் எடுக்கப் பார்த்தார்கள், மறுபடியும் பிடித்தம். விடுப்பு கேட்டவளுக்கே இந்த நிலைமை.

கணக்குப்பிள்ளை

அக்காவுக்கு நடந்தது ஏன் என்று என்னால் சொல்ல முடியும். பல வருடம் கடன் வசூல் கணக்குப் பிரிவில் இருந்தேன். தானியங்கித் தவணைக்கான கோப்பு, தவணைத் தேதிக்கு முன்பே பேங்க்குக்குப் போய்விடும். எங்களிடம் 5ஆம் தேதித் தவணைக்கு 2ஆம் தேதி மாலைக்குள் கோப்பு தயாராகிவிடும். 31 வரை விண்ணப்பம் வாங்கி, அதைத் தலைமை அலுவலகம் பார்த்து, கணினியில் ஏற்றி முடிப்பதற்குள் கோப்பு கிளம்பியிருக்கும். கடைசித் தேதியை வைத்தவருக்கும் கோப்பு போடுகிறவருக்கும் பேச்சே இல்லை என்பதுதான் பிரச்சினை.

அதனால் அறிவிப்பில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: "டிசம்பர் 27க்குள் சொன்னால் ஜனவரித் தவணை எடுக்கப்படாது. அதன்பின் சொன்னால் பிப்ரவரியிலிருந்துதான் விடுப்பு." இன்னொன்று. "எந்தக் கட்டணமும் கிடையாது" என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எழுதக் கூடாது. நிறுவனம் தன் அபராதத்தை விட்டுக்கொடுக்கலாம். வாடிக்கையாளரின் பேங்க் பிடிக்கும் தொகை நிறுவனத்தின் கையில் இல்லை. தவறு நம் பக்கம் என்றால் அந்தத் தொகையை நாமே திருப்பித் தருவோம் என்று எழுதலாம். அப்படி எழுதிய ஒரு நிறுவனத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

தாம்பரம் ராஜன்

விடுப்புக் காலத்தில் வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே. மிக்ஜாம் புயலுக்கு எனக்கு விடுப்பு கொடுத்த கம்பெனி வட்டியை அசலில் சேர்த்துவிட்டது. இது சட்டவிரோதம். அறிவிப்பில் "வட்டி கிடையாது" என்று போடச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

ராஜன் சார், நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2021 மார்ச் 23 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, கொரோனாவுக்காக 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கொடுத்த விடுப்புக்கானது. அந்த ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்றார்கள். சாதாரண வட்டி அப்போதும் உண்டு, அதையும் தள்ளுபடி செய்யுங்கள் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. பிறகு வருகிற ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அது தானாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள், அதுதான் பேசும்.

அறிவிப்பில் வட்டியைப் பற்றி ஒரு கணக்கு இருந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கோபமே வந்திருக்காது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பாக்கி அசல் 2,00,000. வட்டி ஆண்டுக்கு 18%. இன்னும் 24 மாதம், தவணை 9,985 ரூபாய். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதம் கட்டவில்லை, வட்டி அசலில் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முடிவில் பாக்கி சுமார் 2,09,136. இப்போது ஏப்ரலில் அதே 9,985ஐத் தொடர்ந்தால், 2025 டிசம்பரில் முடிய வேண்டிய கடன் 2026 மே மாதம் முடியும். மூன்று மாதம் விட்டதற்கு ஐந்து மாதம் நீள்கிறது. மொத்தமாகக் கூடுதலாகக் கட்டுவது சுமார் 13,300 ரூபாய். பழைய தேதியிலேயே முடிக்க வேண்டும் என்றால் தவணை சுமார் 11,684 ஆகும். மாதம் 1,700 கூடும், ஆனால் மொத்தத்தில் கூடுவது 5,700தான்.

இந்த இரண்டு வழியையும் சொல்லாமல் "சலுகை" என்று மட்டும் சொன்னால், நிறுவனமே ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆளைச் சிக்கவைக்கிறது. எத்தனை கடைக்காரர்கள் ஒரே ஒரு தவணையை மட்டும் விட்டுவிட்டுப் பிப்ரவரியிலிருந்து கட்டியிருப்பார்கள்! கேட்கும் வாய்ப்பையே யாரும் தரவில்லை.

ஆழ்வார்திருநகரி விவசாயி

எனக்கு வாழை மொத்தமும் போனது. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் இருக்கிறது. மூன்று மாதம் விடுப்பு போட்டால் வாழை வந்துவிடுமா? தள்ளுபடி எப்போது வரும், அதைச் சொல்லுங்கள்.

பழைய கிளை மேலாளர்

ஐயா, உங்கள் இழப்பு பெரியது. பயிர்க்கடன் தள்ளுபடி அரசு எடுக்கும் முடிவு, எங்களைப் போன்ற நிறுவனங்களின் கையில் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. மூன்று மாதம் மளிகைக்கடைக்குப் போதும். வாழைக்குப் போதாது, அடுத்த தார் வெட்ட ஒரு வருடம் ஆகும். எல்லோருக்கும் ஒரே "மூன்று மாதம்" என்று அச்சடித்தது எங்கள் தவறுதான். சங்கத்தில் கடனை மாற்றியமைத்து நீட்டிக்கும் வழி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். "தள்ளுபடி உண்டா" என்று கேட்டால் "இல்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எஸ்.எம்.எஸ். அனுப்பும் பிரிவு

யாரும் சொல்லாத ஒன்று. அப்போது பாதி வீட்டுக்குக் கரன்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. குறுஞ்செய்தி பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அதைவிடப் பெரிய தடை, வணிகக் குறுஞ்செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். வெள்ளம் வந்த அன்று புதிதாக எழுதி உடனே அனுப்ப முடியாது. எங்களிடம் பதிவாகியிருந்தது "தவணை செலுத்த நினைவூட்டல்" மட்டும்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றவருக்கு "தவணை நாளை, தவறாமல் செலுத்தவும்" என்று போனது. இன்று நினைத்தாலும் உறுத்துகிறது. விடுப்புக்கான வாசகத்தை வெயில் காலத்திலேயே பதிவு செய்து வையுங்கள், நினைவூட்டலை அந்தந்த ஊர்களுக்கு நிறுத்தும் வழியையும் பார்த்து வையுங்கள்.

தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிகள்தான், புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்பதிலேயே 28 போய்விடும்.

பழைய கிளை மேலாளர்

எல்லோரும் சொன்னதை வைத்துத் திருத்தி எழுதிப் பார்த்தேன்:

"வெள்ளத்தால் உங்கள் கடையோ வீடோ பாதிக்கப்பட்டதா? ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தவணைகளை இப்போது கட்ட வேண்டாம். ஒன்றோ இரண்டோ மட்டும் விடவும் கேட்கலாம்.

இது தள்ளுபடி இல்லை. அந்த மாதங்களுக்கு வட்டி உண்டு, அது அசலில் சேரும். 2 லட்சம் பாக்கி, 24 மாதம் மீதி, 18% வட்டி என்றால், மூன்று மாதம் விட்டால் மொத்தத்தில் சுமார் 13,300 ரூபாய் கூடும், கடன் ஐந்து மாதம் நீளும். தவணையைக் கூட்டிக்கொண்டால் சுமார் 5,700தான் கூடும். எது வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

டிசம்பர் 27க்குள் சொன்னால் ஜனவரியில் பணம் எடுக்க மாட்டோம். ஆவணம் எதுவும் வேண்டாம், பெயரும் ஊரும் போதும். கிளைக்கு வர முடியாதவர்கள் இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம்."

ஒன்றில் மட்டும் எனக்கு முடிவு தெரியவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் விடுப்பா, அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தானாக விடுப்பா?

கணக்குப்பிள்ளை

கேட்டவர்களுக்கு மட்டும். கட்ட முடிந்தவருக்கும் தானாகக் கொடுத்தால் அவர் தலையில் 13,300ஐக் கட்டுகிறோம்.

எஸ்.எம்.எஸ். அனுப்பும் பிரிவு

போனே இல்லாதவர் எப்படிக் கேட்பார்? முதல் மாதமாவது எல்லோருக்கும் தானாக நிறுத்த வேண்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம். சிபிலில் இது எப்படிப் பதிவாகும் என்றும் ஒரு வரி வேண்டும். எங்கள் நிறுவனத்தில் அதைக் கேட்டேன், ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

மளிகைக்கடை அக்கா

தம்பி, இதை என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "தள்ளுபடி இல்லை" என்ற வரி வந்ததுமே, "அப்போ சரி, கட்டணும்" என்றார்கள். நன்றாகப் புரிகிறது. ஆனால் உடனே, "ஏப்ரல்ல நமக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். 2 லட்சம் கணக்கு எனக்கு எதற்கு, என் பாக்கி 64,000. ஷட்டரில் ஒட்டுவதோடு விடாமல், வந்து கேட்கிறவருக்கு ஒரு துண்டுச் சீட்டில் அவரவர் தொகையைப் பேனாவால் எழுதிக் கொடுத்தால் என்ன?

பழைய கிளை மேலாளர்

செய்யலாம் அக்கா. என் கிளையில் விடுப்பு கேட்டு வந்தவர்கள் 140 பேர்தான். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரே நாளில் எழுதி முடித்திருக்கலாம்.