எக்செலிலிருந்து சிஆர்எம்முக்கு மாறியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை பம்ப் கடை
எங்களுக்கு பம்ப் உதிரிபாக மொத்த வியாபாரம். விற்பனைக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு எக்செல். ஒருவர் ஃபைலில் ‘ஸ்ரீ முருகன் ஏஜென்சீஸ்’, இன்னொருவர் ஃபைலில் ‘முருகன் அண்ணன், பல்லடம்’. இரண்டும் ஒரே டீலர். போன வாரம் இரண்டு பேரும் அவருக்கு இரண்டு விலை சொல்லிவிட்டார்கள். குறைந்த விலையை அவர் பிடித்துக்கொண்டார். இனி எல்லா டீலர் விவரத்தையும் ஒரே சிஆர்எம் கருவியில் வைக்கலாம் என்று முதலாளி சொல்கிறார். எதை வாங்கினீர்கள், எப்படி மாற்றினீர்கள்?

ஈரோடு ஜவுளி
ரொம்ப யோசிக்காதீங்க. ஜோஹோவில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐந்து ஃபைலையும் அப்படியே ஏற்றுங்கள், இரட்டைப் பதிவுகளை அதுவே கண்டுபிடித்துவிடும்.

திருச்சி சேல்ஸ் அட்மின்
பாதிதான் சரி. ஜோஹோ சிஆர்எம்மின் இலவசப் பதிப்பு மூன்று பேருக்குத்தான். இவர்கள் ஐந்து பேர், முதலாளியோடு ஆறு. ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வரும். இந்த அளவுக்கு பிகின் போன்ற சின்ன கருவியே போதும் என்பது என் எண்ணம்.

இரட்டைப் பதிவு விஷயத்தில், கருவி எதை வைத்துக் கண்டுபிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். ஹப்ஸ்பாட் மாதிரியானவை மின்னஞ்சலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். நம்ம டீலர்களில் பாதிப் பேருக்கு மெயிலே கிடையாது. அதனால் கைபேசி எண்தான் சாவி. அது ஒரே வடிவத்தில் இல்லாவிட்டால் எந்தக் கருவிக்கும் பொருந்தாது. ஐந்து ஃபைலையும் ஒரே ஷீட்டில் ஒட்டி, எண் B-யில் இருந்தால் C-யில் முதல் வரியையும் D-யில் இரண்டாவதையும் போடுங்கள்:

```
=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(B2," ",""),"-",""),10)
=COUNTIF($C$2:$C$2000,C2)
```

D-யில் 1-க்கு மேல் வந்தால் அந்த எண் வேறு வரியிலும் இருக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு எண்ணைச் சாய்கோடு போட்டு எழுதியிருந்தால் இது கடைசி எண்ணை மட்டும்தான் எடுக்கும். அந்த வரிகளை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று. 91 சேர்த்த எண்ணுக்கு 12 இலக்கம். எக்செல் அதை 9.19843E+11 என்று காட்டும். காட்டுவதோடு போனால் பரவாயில்லை. அப்படியே CSV ஆகச் சேமித்தால் திரையில் தெரிவதுதான் ஃபைலில் போகும்; கடைசி இலக்கங்கள் காலி. எங்கள் பழைய ஆபீஸில் ஒருவர் இப்படி ஏற்றியதில் பல டீலர்களுக்கு ஒரே எண் வந்து நின்றது. மூல ஃபைல் இருந்ததால் தப்பித்தோம். தமிழில் எழுதிய பெயர்கள் இருந்தால் சேமிக்கும்போது ‘CSV UTF-8’ தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சிவகாசி கணக்கர்
இதுக்கு எதுக்குங்க தனிக் கருவி? டேலியில் எல்லா பார்ட்டியும் இருக்குமே. நாங்கள் லெட்ஜரைத்தான் பார்க்கிறோம்.

கோவை பம்ப் கடை
டேலியில் வாங்கியவர்கள்தான் இருக்கிறார்கள் அண்ணா. விலை கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் எங்கள் பிரச்சினை.

திருச்சி சேல்ஸ் அட்மின்
ஆனால் டேலியால் ஒரு உதவி உண்டு. அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 15 எழுத்தில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை பான் எண். ஒரே நிறுவனம் கோவையிலும் பாலக்காட்டிலும் கடை வைத்திருந்தால் முன்னால் 33, 32 என்று மாறும், நடுவில் இருக்கும் பான் மாறாது. நிறுவனத்தை ஒரு பதிவாகவும், அங்கே போன் எடுக்கும் ஆட்களை அதன் கீழும் வைக்க இது போதும்.

மதுரை சோலார்
நாங்கள் திணறியது ‘ரிமார்க்ஸ்’ பத்தியில்தான். ‘தீபாவளி கழித்துப் பேசலாம், மச்சான் பார்த்துச் சொல்வார், 5 எச்பி’ என்று ஒரே கட்டத்தில் மூன்று செய்தி. அப்படியே குறிப்பாக ஏற்றினால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அடுத்து பேச வேண்டிய தேதியை மட்டும் தனிப் பத்தியாகப் பிரித்தோம், அதிலிருந்துதான் கருவி நினைவூட்டல் தரும். ஒரு வருஷமாகப் பேசாதவர்களுக்கு அதுகூடச் செய்யவில்லை, பெயரும் எண்ணும் மட்டும் ஏற்றினோம்.

வாங்குவதற்கு முன்னால் முப்பது பெயரை மட்டும் ஏற்றி, களத்தில் சுற்றும் பையனிடம் போனைக் கொடுங்கள். டீலர் கடை வாசலில் நின்றபடி அடுத்த தேதியைப் போட முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் அதே முப்பதையும் வெளியே எடுத்துப் பாருங்கள். பெயரும் எண்ணும் வந்து, குறிப்புகள் வராமல் போகலாம். நாளைக்கு வேறு கருவிக்குப் போகும்போது அது பெரிய தலைவலி.

கோவை பம்ப் கடை
ரொம்ப நன்றி. இந்த வாரமே ஷீட்டை ஒட்டுகிறோம். ஒன்று மட்டும் புரியவில்லை: பல்லடம் டீலரை இரண்டு பேரும் ‘என் பார்ட்டி’ என்கிறார்கள். பதிவில் யார் பெயரைப் போடுவது?

மதுரை சோலார்
கடைசியாக பில் போட்டவர் பெயரை.

திருச்சி சேல்ஸ் அட்மின்
அப்படிச் செய்தால் முதலில் பிடித்துக் கொடுத்தவர் அதற்கப்புறம் புது எண்ணைக் கருவியில் ஏற்றவே மாட்டார், தன் போனிலேயே வைத்துக்கொள்வார். இன்சென்டிவ் யாருக்கு என்று முதலாளி சொல்லிவிட்டு அப்புறம் பெயரைப் போடுங்கள்.