புதுப்பிப்பு: கன்னத்துக் கருமையும் மூன்று பூச்சுகளும்

நான் முன்பு கேட்டது: "பரு விட்டுப்போன கருமைக்கு அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, வைட்டமின் சி மூன்றும் வாங்கியிருக்கிறேன். எரியாமல் எப்படிப் பூசுவது?"

கொழிஞ்சாம்பாறை மருந்தாளுநர் அக்கா சொன்ன வரிசைதான் பலித்தது. முதலில் அசெலாயிக் மட்டும்: 10 சதவீதக் கிரீம், பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில், முகம் நன்கு உலர்ந்தபின் மாய்ஸ்சரைசருக்கு மேல். சில நிமிடம் சுருக்கென்று குத்தி அடங்கினால் தொடரலாம். காலையிலும் சிவந்திருந்தாலோ மூக்கோரம் உரிந்தாலோ நிறுத்திவிட வேண்டும். நம் நிறத்தில் எரிச்சலே புதுக் கருமையை விட்டுச்செல்லும்.

தோல் பழகியபின் காலையில் 5 சதவீத நியாசினமைடு, மேலே சன்ஸ்கிரீன். பாலக்காட்டு வெயிலில் சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

நியாசினமைடும் வைட்டமின் சியும் சேரவே கூடாது என்றார் ஒரு தம்பி. சேரலாம், இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால்தான் எது எரித்தது என்று தெரியாமல் போகும். சித்தி தன் மங்குக்கும் இதையே பூசலாமா என்கிறார். மங்கு வேறு, மருத்துவர் பார்க்கட்டும்.

கருமை நன்றாக மங்கியிருக்கிறது. வைட்டமின் சி புட்டியை இன்னும் திறக்கவில்லை, பழுப்பேறினால் வீணாகிவிடும். திறக்கத்தான் வேண்டுமா, அக்கா?