ஆக்சுவல் ரிசல்ட்: ‘உண்மை விளைவு’ வேண்டாம் என்றால் வேறு என்ன?

கோவை டெஸ்டர்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குழுவில் நாலு பேர் டெஸ்டிங் பார்க்கிறோம். வழு அறிக்கைகளைத் தமிழிலேயே மடலாக எழுதுகிறோம். டெவலப்பருக்குப் போகும் முன் நான் ஒருமுறை படித்துத் திருத்துவது வழக்கம். போன வாரம் ஒன்றை அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண் எழுதியது:

> லாகின் செய்தேன். 1,200 ரூபாய்க்குப் பொருள் எடுத்து, 10 சதவீத கூப்பன் போட்டு, பணம் கட்டும் பக்கம் போய், பின்னால் வந்து மறுபடி உள்ளே போனால் மொத்தம் 972 வரும். 1,080 வந்தது.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “1,200இல் பத்து சதவீதம் போனால் 1,080தான். 972 எப்படி வரும்? கணக்கு சரி.” அதோடு வழுவை மூடிவிட்டார்.

அவர்மேல் தப்புச் சொல்ல முடியவில்லை. ‘972 வரும்’ என்பதை ‘வர வேண்டும்’ என்று படித்திருக்கிறார். ‘1,080 வந்தது’ என்பது அவருக்கு இப்போது வந்துகொண்டிருக்கும் தொகை. உண்மையில் நடந்தது நேர் எதிர். கூப்பன் இரண்டு தடவை கழிகிறது: 1,200 முதலில் 1,080 ஆகிறது, திரும்பி வந்தால் அதில் இன்னொரு பத்து சதவீதம் போய் 972 ஆகிறது. கடைக்காரருக்கு ஒவ்வொரு பில்லிலும் 108 ரூபாய் நட்டம்.

இனிமேல் படிகள், எக்ஸ்பெக்டட் ரிசல்ட், ஆக்சுவல் ரிசல்ட் என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். என் கேள்வி இரண்டு. ஆக்சுவல் ரிசல்ட்டுக்கு நல்ல சொல் என்ன? ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே எந்தக் காலத்தில் எழுதுவது?

மொழிபெயர்ப்பு செய்பவன்

அக்கா, ‘உண்மை விளைவு’ என்றுதான் நான் போடுகிறேன். இன்னொரு பக்கம் ‘எதிர்பார்த்த விளைவு’. காலம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். மடல் முழுக்க ஒரே காலம் இருந்தால் குழப்பமே வராது. எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் எழுதச் சொல்லுங்கள்: லாகின் செய்கிறேன், பொருள் எடுக்கிறேன், கூப்பன் போடுகிறேன்.

ஓர் அலுவலக ஊழியர்

அந்த மடலில் ஒரு பிழைதான் எனக்குத் தெரிகிறது. ‘சதவீத கூப்பன்’ அல்ல, ‘சதவீதக் கூப்பன்’. ஒற்று விட்டுப்போயிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சந்திப்பிழை திருத்த ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம், வேண்டுமானால் சொல்கிறேன்.

கோவை டெஸ்டர்

ஒற்று போட்டுவிடுகிறேன், நன்றி. ஆனால் ஒற்று சரியாக இருந்திருந்தாலும் வழு மூடப்பட்டிருக்கும்.

தம்பி, உங்கள் யோசனைப்படி எழுதிப் பார்த்தேன். படிகள் வரை ஓடுகிறது. எதிர்பார்த்த விளைவுக்கு வந்ததும் ‘1,080 வருகிறது’, அடுத்த வரியில் ‘972 வருகிறது’. தலைப்பை மறைத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. அந்தப் பெண்ணின் மடலில் இருந்த சிக்கல் அப்படியே திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, மென்பொருள் எனக்குத் தெரியாது. ஆனால் பிழையை நீங்கள் ‘வழு’ என்று அழைப்பதைப் பார்த்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. நன்னூல் ஏழு வழுக்களைச் சொல்கிறது. திணை, பால், இடம், பொழுது, வினா, விடை, மரபு. நாலாவதாக வரும் பொழுது என்பது காலம்தான். உங்கள் வழு அறிக்கைக்குள்ளேயே ஒரு கால வழு இருந்திருக்கிறது.

இனி அந்த ‘வரும்’ என்ற சொல். பள்ளியில் இதை எதிர்காலம் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ஆனால் ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்பது நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லவில்லை, எப்போதும் நடப்பதைச் சொல்கிறது. ‘பாட்டி எட்டு மணிக்குப் படுத்துவிடுவார்’ என்பது வழக்கம். ‘அப்பா ஆறு மணிக்கு வருவார்’ என்பது எதிர்பார்ப்பு. இத்தனை பொருளும் ஒரே வினை வடிவத்தில். அந்தப் பெண் வழக்கப் பொருளில் எழுதினாள், அவர் எதிர்பார்ப்புப் பொருளில் படித்தார். இலக்கணப்படி இருவருமே சரி. ஆகவே எதிர்பார்க்கும் இடத்தில் ‘வர வேண்டும்’ என்று மட்டும் எழுதுங்கள். நடந்ததைச் சொல்லும் இடத்தில் ‘வரும்’ என்பதற்கு இடமே தராதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எடுத்து, போட்டு, போய், வந்து என்று வினையெச்சங்களாகவே அடுக்கியிருக்கிறாள். எச்சத்துக்குக் காலத்தைக் கடைசி வினைமுற்றுதான் கொடுக்கும். அந்த முற்றோ ‘வரும்’. பாவம், தொடக்கத்தில் ‘லாகின் செய்தேன்’ என்று இறந்தகாலத்தில் கிளம்பியவள் எங்கேயோ போய் இறங்கிவிட்டாள்.

கோவை டெஸ்டர்

ஐயா, எச்சம் பற்றி நீங்கள் சொன்னதும் அவளைக் கூப்பிட்டு ‘பின்னால் வந்து’ என்றால் எதை அழுத்தினாய் என்று கேட்டேன். பிரவுசரின் பின்செல் பொத்தானாம். எங்கள் பக்கத்திலேயே ‘கூடைக்குத் திரும்பு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் வழு வருவதில்லை! டெவலப்பர் செய்து பார்த்தபோது அதைத்தான் அழுத்தியிருக்கிறார். ஒவ்வோர் எச்சத்தையும் பிரித்து ‘அழுத்தவும்’, ‘உள்ளிடவும்’ என்று முடிக்கச் சொன்னால், எதை என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. எச்சமாக எழுதும்போது அந்தக் கேள்விக்குத் தப்பித்துக்கொள்ளலாம்.

செயலி எழுதுபவர்

நானும் டெவலப்பர்தான், என் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். ‘படம் ஏற்றும்போது செயலி மூடிக்கொள்கிறது’ என்று ஒரு மடல் வந்தது. நிகழ்காலம். எப்போதும் நடக்கிறது போல என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுபது எண்பது படம் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றுமே ஆகவில்லை. கடைசியில் கேட்டால், “ஒரே ஒரு தடவைதான் அண்ணா, நேற்று சாயங்காலம்” என்கிறார். ‘மூடிக்கொண்டது’ என்று எழுதியிருந்தால் முதலில் லாகைத்தான் தேடியிருப்பேன். அதனால் ஆக்சுவல் ரிசல்ட்டை எப்போதும் இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும். கண்ணால் கண்டதை எழுதுங்கள், போதும்.

இந்தத் தலைப்புக்கும் ‘உண்மை விளைவு’ பொருந்தாது. அது உண்மை என்றால் எதிர்பார்த்தது பொய்யா? எங்கள் டீமில் சாதாரணமாக ‘வரவேண்டியது’, ‘வந்தது’ என்றுதான் பேசிக்கொள்கிறோம். அதையே போட்டுவிடலாமே.

கோவை டெஸ்டர்

‘வரவேண்டியது’, ‘வந்தது’ காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் எப்போதும் இறந்தகாலம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கூப்பன் வழுவை நான் ஐந்து தடவை செய்து பார்த்தேன், ஐந்திலும் 972. அதைப் போய் ‘காட்டியது’ என்று எழுதினால், என்றோ ஒருநாள் நடந்ததாக நினைத்து ஓரமாக வைத்துவிடுவீர்கள். படிப்படியாகச் செய்தால் ஒவ்வொரு தடவையும் வருவதற்கு ‘காட்டுகிறது’. ஒருமுறை வந்து அப்புறம் வராததற்கு ‘காட்டியது’, கூடவே நேரமும் எத்தனைக்கு எத்தனை என்பதும். அப்போது வினையே உங்களுக்குப் பாதி சேதி சொல்லிவிடும். ‘வந்தது’ என்று தலைப்பையே இறந்தகாலத்தில் வைத்துவிட்டால் கீழே ‘காட்டுகிறது’ என்று எழுதக் கை கூசுகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அப்படியானால் காலம் காட்டாத தலைப்புதான் உங்களுக்கு வேண்டும். அதற்குத்தான் வினைத்தொகை இருக்கிறது. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய், மூன்றும் அடக்கம். அதுபோல ‘நிகழ் விளைவு’. நிகழ்ந்ததும் நிகழ்கிறதும் அதற்குள் இருக்கும். கீழே எந்தக் காலத்தில் எழுதினாலும் தலைப்போடு மோதாது. நடுவில் ஒற்று மிகாது, சந்திப்பிழை பார்க்கும் நண்பர் மன்னிக்க.

இல்லை என்று எழுதும்போதும் எச்சரிக்கை தேவை. ‘தொகை மாறவில்லை’ என்றால் அன்று மாறவில்லையா, எப்போதுமே மாறவில்லையா? அந்த வடிவத்தில் காலம் தெரியாது. எப்போதும் என்றால் ‘மாறுவதில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் எழுதுகிறவர்கள் குறையாக நினைக்க வேண்டியதில்லை. விரைவு காரணமாகக் காலம் மாறிப் பேசுவதை நன்னூலே வழுவமைதி என்று ஒப்புக்கொள்கிறது. இலையில் சோறு இருக்கும்போதே ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறோம் இல்லையா?

செயலி எழுதுபவர்

வழுவமைதி! ஐயா, இந்தச் சொல் எங்களுக்குப் பல வருடமாகத் தேவைப்பட்டது. ‘அது அப்படித்தான் இருக்கும், திருத்த மாட்டோம்’ என்று மூடும் வழுக்களுக்கு வைத்துக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பு செய்பவன்

‘நிகழ் விளைவு’ என்றதும் எனக்கு நிகழ்காலம்தான் ஞாபகம் வருகிறது, வினைத்தொகை அல்ல. புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ‘உண்மை விளைவு’ தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘எதிர்பார்த்த விளைவு’ அப்படியே இருக்கலாம் அல்லவா?

கோவை டெஸ்டர்

அதிலும் எனக்கு ஒரு நெருடல். ‘எதிர்பார்த்த’ என்றால் யார் எதிர்பார்த்தது? டெவலப்பர் ஒருவர் “நீங்கள் எதிர்பார்த்தால் நான் என்ன செய்ய” என்றே எழுதியிருக்கிறார். டெஸ்டரின் ஆசையை யாரும் கேட்கவில்லை, தேவை ஆவணம் சொல்வதுதான் கணக்கு. அதனால் ‘உரிய விளைவு’ என்று போட்டுப் பார்த்தேன். இன்று திருத்தி அனுப்பிய மடல்:

> தலைப்பு: பிரவுசரில் பின்சென்று திரும்பினால் கூப்பன் இரண்டு முறை கழிகிறது
>
> படிகள்
> 1. 1,200 ரூபாய்ப் பொருளைக் கூடையில் சேர்க்கவும்.
> 2. 10 சதவீதக் கூப்பனை உள்ளிடவும். மொத்தம் 1,080 ஆகும்வரை காத்திருக்கவும்.
> 3. ‘பணம் கட்டு’ பொத்தானை அழுத்தவும்.
> 4. பிரவுசரின் பின்செல் பொத்தானை அழுத்தவும். ‘கூடைக்குத் திரும்பு’ பொத்தானை அழுத்த வேண்டாம்.
> 5. மறுபடி ‘பணம் கட்டு’ பொத்தானை அழுத்தவும்.
>
> உரிய விளைவு: மொத்தம் 1,080 என்றே காட்ட வேண்டும்.
>
> நிகழ் விளைவு: மொத்தம் 972 என்று காட்டுகிறது. 5 முறை செய்ததில் 5 முறையும்.

லாகின் செய்யும் படியை எடுத்துவிட்டேன். லாகின் செய்யாமலும் வருகிறது.

செயலி எழுதுபவர்

இரண்டாவது படியில் ‘மொத்தம் 1,080 ஆகும்வரை’ என்று இருக்கிறதே. மறுபடியும் ‘ஆகும்’ உள்ளே வந்துவிட்டது, அக்கா.

கோவை டெஸ்டர்

பார்த்தேன். ‘வரை’ கூடவே இருப்பதால் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள் என்று விட்டேன். ஐயா என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். வழுவை மறுபடி திறந்துவிட்டார்கள். தலைப்புக்கு எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் ‘நிகழ் விளைவு’, இரண்டு பேர் ‘வந்தது’.