அட்டைப்பெட்டி ரேட் ஏத்தணும், எக்ஸ்போர்ட் கம்பெனிகிட்ட எப்படிங்க சொல்றது?

கொங்கு_கார்ட்டன்:
திருப்பூர்ல சின்னதா கார்ட்டன் யூனிட் வெச்சிருக்கேங்க. ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு மாசம் 6,000 பெட்டி பக்கம் போகுது, 5 பிளை, ஒரு பெட்டி 900 கிராம், ரேட் 54 ரூபா, ஜிஎஸ்டி தனி. இப்ப கிராஃப்ட் பேப்பர் கிலோ 32ல இருந்து 36 ஆயிருச்சு, மில்லுக்காரங்க லெட்டரே குடுத்துட்டாங்க. பேப்பர் 12.5% ஏறுனதால பெட்டியையும் 12.5% ஏத்தி 60.75னு ஒண்ணாந்தேதியிலருந்து மெயில் போட்டுறலாமான்னு பாக்கறேன், ஆனா பர்ச்சேஸ் மேனேஜர் கடுப்பாயி வேற ஆள்கிட்ட போயிட்டா மிஷின் சும்மா நிக்கும். எப்படி எழுதுனா ஒத்துக்குவாங்க?

ரேட்டுதான்_முக்கியம்:
கெஞ்சாதீங்க பாஸ். எல்லாருக்கும்தான் பேப்பர் ஏறியிருக்கு, அவர் எங்க போனாலும் இதே கதைதான். மில் லெட்டரை அட்டாச் பண்ணி 12.5%னு போடுங்க, பேரம் பேசுனா 8ல நிப்பாட்டுங்க.

ட்ரிம்ஸ்_பர்ச்சேஸ்:
நான் அந்தப் பக்கம் பல வருசம் பர்ச்சேஸ்ல இருந்தவன், அதனால சொல்றேன். லெட்டரை இணைக்கறது சரி, ஆனா 12.5% போட்டா அங்கேயே மாட்டிக்குவீங்க. பெட்டி 900 கிராம், வேஸ்டேஜ் 6% வெச்சா பேப்பர் 954 கிராம். கிலோவுக்கு 4 ரூபா ஏறுனா பெட்டிக்கு 3.82 தான் வருது. பசை, கூலி, கரண்ட்டுக்கு நீங்க தனியா காரணம் காட்டலையே, அப்ப 6.75 எப்படின்னு கேப்பார், கேட்டப்புறம் நீங்க எவ்வளவு குறைச்சாலும் நம்பிக்கை வராது. 57.80ன்னு கேளுங்க, கணக்கை அப்படியே மெயில்ல போட்டு பழைய பேப்பர் பில், புது பில் ரெண்டையும் வைங்க. பெட்டிக்கு 40 டீசர்ட் போகுதுன்னா ஒரு பீஸுக்கு பத்து பைசாகூட ஆகாதுங்கறதையும் சொல்லுங்க, மெர்ச்சண்டைசர் பீஸ் கணக்குலதான் யோசிப்பாங்க. ஆனா "அவ்வளவுதானே, நீங்களே தாங்கிக்கங்க"ன்னும் சொல்லுவாங்க, அதுக்கு மாசம் 22,800 ரூபாங்கற கணக்கை கையில வெச்சுக்கங்க.

தேதிதான் ரொம்ப முக்கியம். அவங்க பையர்கிட்ட காஸ்டிங் குடுத்து ரேட் முடிச்சு மாசக்கணக்காயிருக்கும், நடுவுல ஏத்துனா அவங்க கையிலருந்துதான் போகும். அதனால கையில இருக்கற பிஓ எல்லாம் பழைய ரேட்டுலயே முடிச்சுத் தர்றேன், இனிமே காஸ்டிங் போடற ஸ்டைலுக்கு புது ரேட்னு எழுதுங்க. முதல்ல போன்ல சொல்லிட்டு அப்புறம் மெயில் போடுங்க, மேனேஜர் அவர் முதலாளிகிட்ட பேச ஒரு வழி வேணும்ல.

அம்மா_மெஸ்_சென்னை:
நாங்க ஆபீஸுக்கு சாப்பாடு போடறோம், சிலிண்டர் ஏறுனப்போ ரேட்ட ஏத்தாம கூட்டு அளவை குறைச்சோம், ஒரே வாரத்துல கண்டுபிடிச்சுட்டாங்க. அதனால பெட்டியில பேப்பரை குறைக்காதீங்க தம்பி.

கொங்கு_கார்ட்டன்:
சொல்லாம குறைக்கமாட்டேங்க அக்கா. ஆனா சொல்லிட்டு குறைக்கலாமா? நடுவுல ரெண்டு ஃப்ளூட்டும் 120 ஜிஎஸ்எம், அதை 100 ஆக்குனா பெட்டிக்கு 64 கிராம் மிச்சம், ஏறக்குறைய 2.40 ரூபா திரும்ப வந்துரும்.

ட்ரிம்ஸ்_பர்ச்சேஸ்:
ஆப்ஷனா குடுக்கலாம், ஆனா பையர் ஸ்பெக்ல பர்ஸ்டிங், கம்ப்ரஷன் நம்பர் இருந்தா அந்த சாம்பிளை டெஸ்ட் பண்ணி அப்ரூவல் வாங்காம ஓட்டாதீங்க. கன்டெய்னர் உள்ள ஈரம் ஏறுனா அட்டை தளர்ந்துரும், அடியில இருக்கற பெட்டிதான் முதல்ல அமுங்கும், கிளைம் உங்க தலையிலதான் வந்து விழும். எனக்குப் புடிச்ச ஆப்ஷன் வேற: இப்ப பேமென்ட் எத்தனை நாள்?

கொங்கு_கார்ட்டன்:
பேருக்கு 60, வர்றது 90 நாளுங்க.

ட்ரிம்ஸ்_பர்ச்சேஸ்:
அப்ப 30 நாள்ல குடுத்தா பெட்டிக்கு 1 ரூபா குறைச்சு 56.80னு சொல்லுங்க. 90 நாள் 30 ஆனா, வருசம் 12% வட்டின்னு வெச்சா குறையற அந்த 60 நாளுக்கு உங்களுக்கு 1.15 பக்கம் மிச்சம். உத்யம் பதிவு இருந்தா சின்ன யூனிட்டுக்கு லேட்டா பணம் குடுக்கறவங்களுக்கான வரி விதி அவங்களுக்கும் பொருந்தும், 45 நாள் தாண்டி இழுத்தா குடுக்கற வரைக்கும் அந்தத் தொகையை வருமான வரியில செலவா காட்ட முடியாது. ஆனா அதை மெரட்டற மாதிரி எழுதாதீங்க, அவங்க ஆடிட்டர் ஏற்கனவே சொல்லியிருப்பார்.

ஈரோடு_குமார்:
பெட்டிக்கு ஜிஎஸ்டி 12லருந்து 5 ஆயிருச்சே, அதுலயே அவங்களுக்கு லாபம்தானே, அப்புறம் ஏன் இவ்வளவு யோசிக்கணும்?

கொங்கு_கார்ட்டன்:
அவங்க கிரெடிட் எடுத்துக்கறவங்கதான் அண்ணா, 12னாலும் 5னாலும் அவங்க காஸ்ட் மாறாது. எனக்குத்தான் பேப்பர் 18ல வாங்கி பெட்டி 5ல வித்து கிரெடிட் முடங்கிக் கிடக்கு. அதை இந்த மெயில்ல கலந்தா குழப்பம்தான், விட்டுட்டேன்.

மேனேஜர்கிட்ட போன்ல பேசிட்டேன். கோபப்படல. இதைத்தான் அனுப்பப்போறேன்:

"வணக்கம் சார். பேப்பர் கிலோ 32லிருந்து 36 ஆனதால் பெட்டிக்கு 3.82 கூடுகிறது, பில்கள் இணைப்பில். கையில் உள்ள பிஓ அனைத்தும் 54க்கே முடித்துத் தருகிறோம். புதிய காஸ்டிங்கிற்கு 57.80, 30 நாளில் பேமென்ட் என்றால் 56.80. 100 ஜிஎஸ்எம் ஃப்ளூட் சாம்பிள் தனியே அனுப்புகிறோம், பையர் ஒப்புதல் கிடைத்தால் மட்டும்."

ஒரே சிக்கல், பேப்பர் இறங்குனா ரேட்டும் இறங்கும்னு எழுதிக் குடுங்கன்னு கேக்கறார். கிலோவுக்கு 1 ரூபா மாறுனா பெட்டிக்கு 95 பைசான்னு போட்டுக் குடுக்க எனக்கு ஓகேதான், ஆனா எந்த மில்லு ரேட்டை வெச்சு, எத்தனை மாசத்துக்கு ஒருக்கா பாக்கறது? யாராவது அப்படி எழுதிக் குடுத்திருக்கீங்களா?

ரேட்டுதான்_முக்கியம்:
மூணு மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டு மில்லு பில்லோட சராசரின்னு போடுங்க. 50 பைசா மாத்தத்துக்கெல்லாம் தொடாதீங்க, 2 ரூபா தாண்டுனா மட்டும்.

ட்ரிம்ஸ்_பர்ச்சேஸ்:
2 ரூபா ஜாஸ்தி, 1 ரூபாய்க்குத்தான் அவர் ஒத்துக்குவார்.