தாமத அனுப்புதல் 4%-ஐத் தாண்டிவிட்டது, கணக்கு முடங்காமல் என்ன செய்வது?

கரூர்_திரைச்சீலை
அமேசான் இந்தியாவில், நாமே கூரியர் வைத்து அனுப்பும் செல்ஃப் ஷிப் முறையில் பெட்ஷீட்டும் திரைச்சீலையும் விற்கிறோம். Account Health பக்கத்தில் Late Shipment Rate சிவப்பாகிவிட்டது. 30 நாளில் 210 ஆர்டர், அதில் 9 தாமதம். 4.3% காட்டுகிறது. கூரியர் வண்டி தினமும் மாலை ஏழு மணிக்கு வந்து எடுத்துவிடுகிறது, அப்படியும் ஏன் இவ்வளவு? தாமதமாகும் ஆர்டர்களை நாமே கேன்சல் பண்ணிவிட்டால் விகிதம் இறங்குமா?

பேக்கிங்_மாஸ்டர்
கேன்சல் வேண்டாம். லேபிள் பிரிண்ட் எடுத்ததும் Confirm shipment அழுத்திவிடுங்கள் ப்ரோ. சரக்கு நாளைக்குப் போனாலும் கணக்கில் தாமதமே வராது.

தறிமேடு
கேன்சல் வேண்டாம் என்பது சரி. அதற்கான வரம்பு இன்னும் இறுக்கம்: 2.5%, அதுவும் 7 நாளுக்குள். வாரத்துக்கு 50 ஆர்டர் என்றால் நீங்கள் இரண்டை ரத்து செய்தாலே 4%. ஒரு சிவப்பை அழிக்கப் போய் இன்னொரு சிவப்பு வாங்கிக்கொள்வீர்கள். வாங்கியவரே ஆர்டர் பக்கத்தின் வழியாக ரத்து கேட்டால் மட்டும் உங்கள் கணக்கில் சேராது.

மாஸ்டர் சொன்ன வழியில் அந்த ஒரு எண் இறங்கும், உண்மைதான். ஆனால் பார்சல் கடையிலேயே கிடக்க, வாங்கியவருக்கு 'அனுப்பியாச்சு' என்று செய்தி போய்விடும். இரண்டு நாள் டிராக்கிங் அசையவில்லை என்றால் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்டு அமேசானிடம் A-to-z கோரிக்கை போடுவார், இல்லாவிட்டால் ஒற்றை நட்சத்திரம். இரண்டுமே குறையுள்ள ஆர்டர்களின் விகிதமான Order Defect Rate-இல் ஏறும். அதன் வரம்பு 1%. 60 நாளில் 400 ஆர்டர் என்றால் நாலு பேர் கோபப்பட்டாலே வரம்பைத் தொட்டுவிடும். அனுப்பாமல் கன்ஃபர்ம் செய்வது விதிமீறலும்கூட.

கரூர் சார், முதலில் Late Shipment Rate-க்குள் போய் அந்த 9 ஆர்டரின் அறிக்கையை இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், எப்போது கன்ஃபர்ம் ஆனது என்று பாருங்கள். பக்கத்தில் கூரியர் ரசீதுத் தேதியை எழுதுங்கள். வண்டி எப்போது எடுத்தது என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. நீங்கள் கன்ஃபர்ம் செய்ததைத்தான் அது எண்ணுகிறது.

ஈஸிஷிப்_ராணி
எனக்கும் இதே பிரச்சினை. பிக்கப் நேரம் போட்டு வைத்தும் ஆள் வரவில்லை, தாமதம் என் தலையில் விழுந்தது.

தறிமேடு
அக்கா, உங்களுடையது ஈஸி ஷிப், வேறு கதை. அங்கே எடுக்க வருவது அவர்கள் ஏற்பாடு செய்த ஆள். பிக்கப் ஒதுக்கிய தேதி, ஆர்டர் எண், ஒட்டிய லேபிளோடு பார்சலின் படம் மூன்றையும் வைத்து அன்றைக்கே கேஸ் போடுங்கள். நாலு நாள் கழித்துப் போட்டால் வாதம் வலுவிழக்கும். தனி இழையில் கேளுங்கள், இங்கே குழம்பும்.

கரூர்_திரைச்சீலை
அறிக்கை பார்த்தேன். 9-இல் 6 ஆர்டர் கெடு நாளன்று மாலையே வண்டியில் போயிருக்கின்றன! பையன் மறுநாள் காலையில் ரசீதைப் பார்த்து டிராக்கிங் எண் ஏற்றியிருக்கிறான். மீதி 3 அளவு சொல்லித் தைக்கும் திரைச்சீலை.

தறிமேடு
அப்படியானால் உண்மையான தாமதம் 3 தான், 1.4%. அந்த ஆறையும் இனி மாற்ற முடியாது. 30 நாள் சாளரம் நகரும்போது தானாக வெளியேறும். இனி வண்டி கிளம்பியதும் அன்றிரவே எண்களை ஏற்றுங்கள். மாலை நாலு மணிக்கு ஒருமுறை Manage Orders-இல் அனுப்பாதவற்றைக் கெடு நாள் வரிசையில் பார்த்தால் எதுவும் தப்பாது.

தைக்கும் சரக்குக்கு மட்டும் அந்த SKU-வில், ஆர்டர் வந்து அனுப்பும் வரையான handling time-ஐ 3 நாளாக்குங்கள். எல்லாவற்றுக்கும் கூட்டினால் பெட்ஷீட்டிலும் டெலிவரி தேதி தள்ளிக் காட்டும், விற்பனை அடிபடும். ஒன்று கவனம்: மாற்றம் புது ஆர்டருக்குத்தான், கையில் இருப்பதற்கு இல்லை. சனிக்கிழமை வண்டி வராது என்றால் Shipping Settings-இல் அன்றைக்கு வேலை நாள் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேக்கிங்_மாஸ்டர்
எச்சரிக்கை மெயில் வந்துவிட்டால்?

தறிமேடு
மன்னிப்புக் கடிதம் எழுதாதீர்கள். காரணம், இப்போது செய்துவிட்ட திருத்தம், இனி நடக்காமலிருக்க வைத்த ஏற்பாடு, இந்த மூன்று மட்டும். 'கூரியர் தாமதம்' என்று பொதுவாக எழுதினால் திரும்பி வரும். 'டிராக்கிங் எண் மறுநாள் காலை ஏற்றப்பட்டது, 6 ஆர்டர்' என்று எண்களோடு எழுதுங்கள், ரசீதும் சேருங்கள்.

கரூர்_திரைச்சீலை
மெயில் இன்னும் வரவில்லை. தீபாவளிக்கு ஆர்டர் இரண்டு மடங்காகும், அப்போது கூரியர் வண்டி நிறைந்துவிட்டது என்று பாதியை விட்டுப் போனால்?

தறிமேடு
ஒரு நாளில் கட்டி அனுப்ப முடிந்த அளவைக் கணக்கிட்டு, இருப்பு எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைத்துக் காட்டுங்கள். இரண்டாவது கூரியர் ஒன்றைப் பண்டிகைக்கு முன்பே பேசி வையுங்கள். அந்த நாளில் இரண்டு பேருமே நிறைந்துவிட்டால், அதற்கு என்னிடம் வழி இல்லை. வேறு யாராவது சமாளித்திருந்தால் எழுதுங்கள்.