[கலைச்சொல்] எல்லா வெக்டரும் ஐகன் வெக்டராக அமையும் அணிக்கு என்ன பெயர்?

கயல் எழுதியது:

நண்பர்களே,

நேரியல் இயற்கணிதக் குறிப்புகளைத் தமிழில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஐகன் வெக்டர் பகுதியில் ஓர் இடத்தில் பொருத்தமான சொல் கிடைக்கவில்லை, உங்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

பொதுவாக ஓர் அணியால் பெருக்கினால் பெரும்பாலான வெக்டர்கள் தாம் கிடந்த கோட்டை விட்டு வேறு பக்கம் சாய்ந்துவிடும். ஒன்றிரண்டு கோடுகள் மட்டும் தப்பும். அவற்றில் கிடக்கும் வெக்டர்கள் நீளலாம், குறுகலாம், ஆனால் அதே கோட்டில்தான் இருக்கும். அவைதான் ஐகன் வெக்டர்கள். அலகு அணி I, அதன் மடங்கான cI ஆகியவற்றில் மட்டும் எல்லாக் கோடுகளுமே தப்பிவிடுகின்றன, பூச்சியம் அல்லாத எந்த வெக்டரை எடுத்தாலும் அது ஐகன் வெக்டர்.

cI-க்குப் பாடநூலில் திசையிலி அணி என்ற சொல் இருக்கிறது. மூலைவிட்டம் முழுக்க ஒரே எண், மற்ற இடமெல்லாம் பூச்சியம் என்று அணி எழுதப்பட்டிருக்கும் விதத்தை வைத்து அதற்கு வரையறை தருகிறார்கள். எனக்கு வேண்டியது அந்த அணி வெக்டர்களை என்ன செய்கிறது என்று சொல்லும் பெயர். "திசைகாக்கும் அணி" சரியாக இருக்குமா?

இளவேனில் எழுதியது:

அலகு அணி என்ற சொல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறதே கயல். எல்லோரும் பழகிவிட்ட பெயரை எதற்கு மாற்ற வேண்டும்? புதுச்சொல் ஒன்று கூடினால் படிப்பவர்களுக்குக் குழப்பமும் கூடும்.

மாறன் எழுதியது:

இளவேனில், கேள்வி அலகு அணியின் பெயரைப் பற்றியது இல்லை, cI என்ற மொத்தக் குடும்பத்தின் பண்பைப் பற்றியது. அதற்கு "ஒருமதிப்பு அணி" என்று வைத்துவிடலாம் என்பது என் யோசனை. ஐகன் மதிப்புகள் எல்லாம் ஒரே எண்ணாக வந்துவிட்டால் எல்லா வெக்டரும் ஒரே அளவில்தான் நீளும், அப்படியானால் எந்த வெக்டரும் ஐகன் வெக்டர்தானே. பெயரும் சிறியது, சொன்னவுடன் விளங்கும்.

அருளி எழுதியது:

மாறன், பாதிதான் சரி. cI-யின் ஐகன் மதிப்புகள் எல்லாம் சமம் என்பது உண்மை. ஆனால் ஐகன் மதிப்புகள் சமமாக இருந்தாலே அது cI ஆகிவிடாது. முதல் வரிசையில் 2, 1, இரண்டாம் வரிசையில் 0, 2 என்று ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐகன் மதிப்பு 2, இரண்டு முறை வருகிறது, வேறு மதிப்பே இல்லை. இப்போது (x, y) என்ற வெக்டரைப் பெருக்கினால் (2x + y, 2y) கிடைக்கும். இது (x, y)-இன் இரு மடங்காக இருக்க வேண்டுமானால் y பூச்சியமாகத்தான் இருக்க முடியும். ஆக கிடைமட்டக் கோடு ஒன்றுதான் தப்புகிறது, மற்ற அத்தனை கோடுகளும் சாய்கின்றன. உங்கள் பெயர் இந்த அணிக்கும் ஒட்டும், ஆனால் நாம் பேசும் பண்பு இதற்கு இல்லை.

மறுபக்கம்தான் இதில் உண்மையிலேயே அழகானது, கயலின் குறிப்பில் அது கட்டாயம் வர வேண்டும். எல்லா வெக்டரும் ஐகன் வெக்டர் என்று மட்டும் சொல்லுங்கள், ஐகன் மதிப்புகள் சமம் என்று சொல்லவே வேண்டாம். அந்தச் சமம் தானாக வந்துவிடும். ஒரே கோட்டில் கிடக்காத u, v என்று இரண்டு வெக்டர்களை எடுங்கள். Au = au, Av = bv என்று வைத்துக்கொள்வோம், a-யும் b-யும் வேறாக இருக்கலாம் என்று தாராளமாகவே விட்டுவிடுவோம். u + v-யும் ஐகன் வெக்டர்தான், அதன் மதிப்பு k என்போம். அப்படியானால் A(u + v) என்பது ஒரு பக்கம் au + bv, இன்னொரு பக்கம் ku + kv. u-வும் v-யும் ஒரே கோட்டில் இல்லாததால் a-யும் k-வும் சமமாக வேண்டும், b-யும் k-வும் சமமாக வேண்டும். எந்த இரண்டு வெக்டரை எடுத்தாலும் கதை இதுதான், அதனால் A = cI தவிர வேறு வழியே இல்லை.

diag(2, 3)-ஐ வைத்து இதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். (1, 0) தப்புகிறது, (0, 1)-உம் தப்புகிறது, ஆனால் இரண்டையும் கூட்டிய (1, 1) என்பது (2, 3) ஆகிச் சாய்ந்துவிடுகிறது. இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் நீள்வதுதான் காரணம். இதிலிருந்து ஒரு சோதனையும் கிடைக்கிறது: n பரிமாணத்தில் எல்லா வெக்டரையும் சோதிக்கத் தேவையில்லை, n அச்சு வெக்டர்களும் அவற்றின் கூட்டுத்தொகை ஒன்றும் போதும். அச்சு வெக்டர்கள் தப்பினால் அணி மூலைவிட்ட அணி என்று தெரிந்துவிடும், கூட்டுத்தொகையும் தப்பினால் மூலைவிட்டத்தில் எல்லாம் ஒரே எண் என்று தெரிந்துவிடும். 3 பரிமாணத்தில் 4 வெக்டர்கள், அவ்வளவுதான்.

இனி "திசைகாக்கும்" என்ற சொல்லுக்கு வருகிறேன். c = -1 என்றால் ஒவ்வொரு வெக்டரும் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும், திசை காக்கப்படவில்லை. c = 0 என்றால் எல்லாமே பூச்சிய வெக்டர், திசை என்று சொல்லவே ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இரண்டிலும் பூச்சியம் அல்லாத எந்த வெக்டரும் ஐகன் வெக்டர்தான், பூச்சிய அணிக்கு ஐகன் மதிப்பு 0. அதனால் பெயரில் கோடு இருக்கட்டும், திசை வேண்டாம்.

நிலா எழுதியது:

நான் கணிதக்காரி இல்லை, தரவுப் பகுப்பாய்வு செய்கிறவள். இந்த உரையாடலைப் படித்ததும் என்னுடைய ஒரு சிக்கல் நினைவுக்கு வந்தது, சம்பந்தம் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மாறிகள், 200 அளவீடுகள், அவற்றின் உடன்மாறுபாட்டு அணியிலிருந்து முதன்மைத் திசையைக் கண்டுபிடித்தேன். ஐகன் மதிப்புகள் 1.08, 0.93. திசை ஓர் அச்சுக்குப் பக்கத்தில் வந்தது, அதற்கு விளக்கமும் எழுதிவிட்டேன். அப்புறம் அதே ஏற்பாட்டில் இன்னொரு 200 அளவீடு எடுத்தால் முதன்மைத் திசை கிட்டத்தட்டக் குறுக்காக வந்து நிற்கிறது. நிரலில் பிழை இருக்குமோ என்று வரிவரியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அருளி எழுதியது:

நிரலில் தேட வேண்டாம் நிலா, நீங்கள் cI-க்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், அதுதான் விஷயம். cI-யில் எல்லாக் கோடும் சமம், தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை. அதோடு மிகச் சிறிய ஒன்றைக் கூட்டினால், அந்தச் சிறியதுதான் முழுத் தேர்வையும் செய்கிறது. I + εB என்ற அணியின் ஐகன் வெக்டர்கள் அப்படியே B-யின் ஐகன் வெக்டர்கள், ε எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை. இதை ஓட்டிப் பாருங்கள்:

```
import numpy as np
print(np.linalg.eigh([[1, 1e-12], [1e-12, 1]]))
print(np.linalg.eigh([[1 + 1e-12, 0], [0, 1]]))
print(np.linalg.eigh(np.eye(2)))
```

முதலாவதில் வெக்டர்கள் 45 பாகைச் சாய்வில் வரும், 0.7071 என்ற எண்களைப் பார்ப்பீர்கள். இரண்டாவதில் அச்சுகள் வரும். இரண்டு அணிகளும் பன்னிரண்டாவது தசம இடத்தில்தான் வேறுபடுகின்றன. மூன்றாவது அலகு அணியேதான், அதற்கும் நிரல் அச்சுகளைத்தான் தரும். ஐகன் வெக்டர் இவை இரண்டு மட்டும்தான் என்று அதற்குப் பொருள் இல்லை. ஏதாவது ஓர் அடுக்களத்தைத் தந்தாக வேண்டும், அதனால் ஒன்றைத் தருகிறது.

உங்கள் தரவில் ε-இன் இடத்தில் இருப்பது மாதிரிப் பிழை. n அளவீடுகள் இருந்தால், தரவு இயல்நிலைப் பரவலை ஒட்டியிருக்கும்போது, ஐகன் மதிப்பின் பிழை தோராயமாக அந்த மதிப்பின் √(2/n) மடங்கு. 200-க்கு அது 0.1, அதாவது 10%. உங்கள் இரு மதிப்புகளுக்கும் இடையே இருப்பது 0.15, ஒவ்வொன்றின் பிழையோ 0.1 அளவு. உண்மையான அணி cI-யாகவே இருந்தாலும் 200 அளவீட்டில் இந்த அளவு இடைவெளி சாதாரணமாக வரும். அதனால் முதன்மைத் திசை என்று எழுதியதை எடுத்துவிடுங்கள், இந்தத் தரவு அப்படி ஒரு திசையைக் காட்டவில்லை. மதிப்புகள் 3-உம் 1-உம் என்று வந்திருந்தால் திசையை நம்பலாம்.

நிலா எழுதியது:

நன்றி அருளி. இரண்டு தொகுதிகளையும் சேர்த்து 400 ஆக்கிப் பார்த்தேன், மதிப்புகள் இன்னும் நெருங்கிவிட்டன. விளக்கத்தை எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், பயன்படுத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் திசையிலி அணி என்ற பழைய சொல்லே இப்போது மிகப் பொருத்தமாகப் படுகிறது. எந்தத் திசைக்கும் சலுகை இல்லாத அணி. என் சிக்கலே அதுதானே?

மாறன் எழுதியது:

ஒருமதிப்பைக் கைவிடுகிறேன், அந்த 2, 1, 0, 2 அணி போதும். ஆனால் நிலாவின் வாசிப்பிலும் ஓர் இடறல் இருக்கிறது. தளத்தில் 90 பாகை சுழற்றும் அணியைப் பாருங்கள். அதுவும் எந்தத் திசைக்கும் சலுகை தருவதில்லை, எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுழற்றுகிறது. ஆனால் மெய்யெண்களில் அதற்கு ஒரு ஐகன் வெக்டர்கூடக் கிடையாது. ஒன்றில் எல்லாக் கோடும் தப்புகிறது, இன்னொன்றில் ஒன்றுமே தப்புவதில்லை, இரண்டும் திசையிலி என்றால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

"கோடுவிலகா அணி" எப்படி? வெக்டர் தன் கோட்டை விட்டு விலகுவதில்லை. -1-க்கும் சரி, 0-க்கும் சரி, சுழற்சியையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

கயல் எழுதியது:

கோடுவிலகா பிடித்திருக்கிறது. அணியைத் தாயம் என்று படித்தவர்களும் கோடுவிலகாத் தாயம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கோடும் என்ற பொருள் அதில் வெளிப்படையாக இல்லையே, diag(2, 3)-இலும் இரண்டு கோடுகள் விலகாமல்தானே இருக்கின்றன?

அருளி எழுதியது:

அந்தக் குறை உண்மைதான். "முழுக்கோடுவிலகா" என்று நீட்டினால் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு இன்னொரு வழி தோன்றுகிறது. அடுக்களத்தை எப்படி மாற்றினாலும் cI மாறாது, P(cI)P⁻¹ என்பது மறுபடியும் cI-தான், வேறெந்த அணிக்கும் எல்லா P-க்கும் இது நடக்காது. 90 பாகைச் சுழற்சியைக்கூட ஓர் அச்சை மட்டும் இரட்டித்துப் பார்த்தால் எண்கள் மாறிவிடும். அதை வைத்து "உருமாறா அணி" எனலாம். ஆனால் அது ஐகன் வெக்டர் பகுதியில் நிற்காது, அடுக்கள மாற்றம் வந்த பிறகுதான் மாணவருக்குப் புரியும்.

இளவேனில் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்த பிறகு என் முதல் கடிதம் வேறு கேள்விக்கான பதில் என்று தெரிகிறது. ஆனாலும் என் கருத்து பழைய சொல்லுக்கே. திசையிலி அணி என்று தலைப்பில் வைத்துவிட்டு, அருளியின் u + v நிறுவலை அதன் கீழேயே தந்துவிடுங்கள் கயல். பண்பு அதில் தெரிந்துவிடும்.

கயல் எழுதியது:

இப்போதைக்குத் தலைப்பில் திசையிலி அணி, பண்பின் பெயராகக் கோடுவிலகா, இரண்டையும் வைத்து வரைவை அனுப்புகிறேன். u + v நிறுவலும் சுழற்சி அணியும் அடுத்தடுத்து வரும். எந்தக் கோடும் என்பதைச் சொல்லுக்குள் கொண்டுவர யாருக்காவது வழி தெரிந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், உருமாறா அணியை அடுக்கள மாற்றப் பகுதிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.